கலைச்சொல்: துல்லியக் கூறளவா, அகலவரம்புக் கூறளவா?

இளங்கோ:
வணக்கம். ஒரு சோதனை நோயுள்ளவரையும் இல்லாதவரையும் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று காட்டும் ஆர்ஓசி வளைவின் கீழ்ப்பரப்பை மதிப்பிடும்போது, நம்பிக்கை இடைவெளி இவ்வளவு அகலத்துக்கு மேல் போகக்கூடாது என்று முதலிலேயே முடிவுசெய்துவிட்டு, அதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று தேடுகிறோமே, அந்த எண்ணிக்கையைத் ‘துல்லியக் கூறளவு’ எனலாமா?

கயல்விழி:
துல்லியம் வேண்டாமே, சோதனை எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்பதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ‘அகலவரம்புக் கூறளவு’ என்று போடலாம். பரப்பு 0.80 வரும் என எதிர்பார்க்கிறோம், 95% இடைவெளியின் மொத்த அகலம் 0.10 என்று வையுங்கள். ஹேன்லியும் மெக்நீலும் 1982இல் தந்த சூத்திரப்படி நோயுள்ளவர் 151, இல்லாதவர் 151 வேண்டும்.

பாஸ்கர்:
அப்போ 302 பேரைச் சேர்த்தால் முடிந்தது, யார் எத்தனை பேர் என்பது தானாக அமையும். பரப்பு தெரியாவிட்டால் 0.5 போடுங்கள், அதுதான் மிக அதிகம் பேர் தேவைப்படும் மோசமான நிலை.

கயல்விழி:
தானாக அமைவதில்தான் சிக்கலே. வருகிறவர்களில் 10% பேருக்குத்தான் நோய் என்றால் அந்த 302இல் நோயுள்ளவர் 30 பேர்தான், இடைவெளியின் அகலம் ஏறக்குறைய 0.20 ஆகிவிடும், அதாவது கேட்டதைப் போல இரண்டு மடங்கு. அதே விகிதத்தில் 0.10 வேண்டுமானால் நோயுள்ளவர் 114, இல்லாதவர் 1026. நோயில்லாதவர்களை எவ்வளவு கூட்டினாலும் நோயுள்ளவர் 110க்குக் கீழே இறங்க முடியாது, ஏனென்றால் பிழையின் பெரும்பங்கு அவர்கள் பக்கமிருந்துதான் வருகிறது. 0.5 மோசமான நிலை என்பது இரு பக்கமும் சமமாக இருக்கும்போது சரி (அப்போது பக்கத்துக்கு 257), நோயில்லாதவர் மிகுந்தால் அது 0.6ஐ ஒட்டி நகர்ந்துவிடும்.

ரஹீம்:
எங்களிடம் நோயுள்ளவர் 40 பேர்தான். பரப்பு 0.5ஐ விட மேல், அதாவது குருட்டு ஊகத்தைவிட மேல் என்று காட்ட இது தாராளம் என்றார்களே?

கயல்விழி:
அதைக் காட்டத் தாராளம்தான், ஆனால் அது வேறு கேள்வி. பரப்பு 0.80 என்றால் 40 பேரை வைத்து, எதிர்ப்பக்கம் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், அகலம் 0.16க்குக் கீழே வராது. 0.72 முதல் 0.88 வரை எங்கேயோ என்று சொல்வதில் உங்களுக்குத் திருப்தியா என்று பாருங்கள்.

இளங்கோ:
அப்படியானால் கூறளவு என்பதே ஒரே எண் என்று நினைக்கவைக்கிறது. ‘கூறளவு இணை’ என்று போட்டால்?

பாஸ்கர்:
இணை என்றால் ஒரே ஆளுக்கு இரண்டு சோதனை செய்த தரவு என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார், அது வேறு சங்கதி. எனக்கு ‘வரம்பு’ம் உறுத்துகிறது. சூத்திரம் தருவது எதிர்பார்க்கும் அகலம்தானே, கிடைத்த தரவில் பரப்பு 0.76 என்று வந்தால் இடைவெளி 0.10ஐத் தாண்டிவிடும். ‘அகல இலக்கு’ என்பது நேர்மையான சொல்.

கயல்விழி:
அது நியாயம்தான். 0.10க்குள் நிற்கும் வாய்ப்பு 80%, 90% என்று உறுதி கேட்டு இன்னும் கூடுதல் பேரைச் சேர்க்கும் கணக்கும் உண்டு. ‘வரம்பு’ அதற்குப் பொருந்தும், இதற்கு ‘அகல இலக்குக் கூறளவு’. இரண்டு ககரம் இடிப்பதுதான் பிடிக்கவில்லை, யாராவது சுருக்கிப் பாருங்களேன்.