புழுக்கோடா, ஏறுகோடா?

மஞ்சக்குப்பத்திலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். தேவனாம்பட்டினம் பக்கம் நடந்த பத்து ஓவர் போட்டிக்கு நான்தான் ஸ்கோரர். இறுதி ஆட்டத்தைப் படமாகப் போட்டு, அடுத்த வாரம் பரிசளிப்பு பேனரில் வைக்க வேண்டும். டிவியில் இரண்டு அணிக்கும் இரண்டு கோடு ஓடுமே, வொர்ம் சார்ட், அதைத்தான் வரைந்திருக்கிறேன். ஓவருக்கு ஓவர் எடுத்த ரன்னைப் புள்ளி வைத்து இணைத்தேன்.

முதலில் ஆடியவர்கள்: 6, 4, 9, 3, 7, 8, 5, 12, 14, 16.
விரட்டியவர்கள்: 11, 9, 8, 12, 6, 4, 0, 9, 11, கடைசியில் நாலு பந்தில் 15.

இரண்டு கோடும் மேலும் கீழுமாக நெளிந்து நிஜப் புழு மாதிரியே வந்திருக்கிறது. தமிழில் ‘புழு வரைபடம்’ என்று போடலாமா? இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள். பேனர் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து:

வரைபடம் வேண்டாம் தம்பி. பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறதுதான், ஆனால் தேசப்படத்துக்கும் அதே சொல். பேனரில் பார்ப்பவன் எந்த ஊருக்கு வழி என்று தேடுவான். புழுவும் வேண்டாம். அரிசியில் வந்தால் புடைத்து எறிகிற ஒன்றைப் பரிசளிப்பு மேடையில் தொங்கவிடுவதா? ஊர்ந்து போகிற கோடு என்பதால் ‘ஊர்கோடு’ என்கிறேன். வினைத்தொகை, ஒற்று மிகாது. சுருக்கமாகவும் இருக்கிறது.

கடலூர் முதுநகரிலிருந்து:

ஊர்கோடு என்றால் கிராம எல்லை என்று நினைத்துத்தான் இந்த மடலையே திறந்தேன். எங்கள் பக்கம் ஒரு எல்லைத் தகராறு இருக்கிறது, அதற்குத் தீர்வு வந்துவிட்டதோ என்று பார்த்தேன். சரி, கிரிக்கெட்டா! வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு படம் காட்டுவார்களே, பந்து எந்தப் பக்கம் போனது என்று, அதையா கேட்கிறீர்கள்?

முத்தியால்பேட்டையிலிருந்து:

இல்லை ஐயா, அது வேறு படம். லாஸ்பேட்டை சார், உங்கள் இலக்கணம் சரிதான். ஆனால் ஒரு ‘க்’ இருக்கிறதா இல்லையா என்று யாரும் நின்று பார்க்கப் போவதில்லை. முதுநகர் ஐயாவே சாட்சி.

பெயருக்கு முன்னால் படத்தைச் சரி செய்யலாம். தம்பி, நீங்கள் வரைந்தது வொர்ம் சார்ட்டே இல்லை. ஓவருக்கு இவ்வளவு என்கிற கணக்கைத் தனித்தனித் தூணாக நிறுத்த வேண்டும். உயரமான கட்டடங்கள் வரிசையாக நிற்பது போல இருப்பதால் அதை மன்ஹாட்டன் என்கிறார்கள். வொர்ம் என்பது கூட்டிக்கொண்டே போகும் கணக்கு. முதல் அணிக்கு 6, 10, 19, 22, 29, 37, 42, 54, 68, 84. இரண்டாவது அணிக்கு 11, 20, 28, 40, 46, 50, 50, 59, 70, கடைசியில் 85. பூஜ்யம் ஓவர், பூஜ்யம் ரன்னிலிருந்து இரண்டையும் தொடங்குங்கள்.

சரியாக வரைந்திருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. கோடு எங்காவது கீழே இறங்கினால் தப்பு. எடுத்த ரன்னை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. விரட்டியவர்களின் ஏழாவது ஓவர் மெய்டன், அங்கே கோடு படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். எவ்வளவு செங்குத்தாக நிற்கிறதோ அவ்வளவு வேகம். முதல் அணியின் கோட்டைப் போட்டுப் பாருங்கள், ஏழு ஓவருக்கு 42 வரை சோம்பலாகப் போய், மிச்சம் மூன்றே ஓவரில் இன்னொரு 42 எடுத்துத் தலையைத் தூக்கும். உங்கள் படத்தில் இது தெரியவே தெரியாது.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

நன்றி டீச்சர், மாற்றிவிட்டேன். மெய்டனில் படுக்கிறது, கடைசியில் தூக்குகிறது, இப்போதுதான் ஆட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. விரட்டிய அணி ஜெயித்தது 9.4 ஓவரில். கீழ் அச்சில் 9.4 என்று கொடுத்திருக்கிறேன், சரிதானே?

முத்தியால்பேட்டையிலிருந்து:

அங்கேதான் எல்லோரும் வழுக்குவார்கள். 9.4 என்பது ஒன்பது ஓவரும் நாலு பந்தும். ஆறு பந்தில் நாலு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. அச்சில் 9.67 என்று கொடுங்கள். 9.4 என்று கொடுத்தால் பாதி ஓவர்கூட ஆகாத இடத்தில் 85 வந்து நிற்கும், கோடு இல்லாத வேகத்தில் எகிறும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

கிரிக்கெட் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் இந்தப் படம் தெரியும். நான் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவன். அன்றன்றைக்கு அரைத்த கரும்பு டன்னைக் கூட்டிக்கொண்டே போய், போன பருவத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் இந்தப் பருவத்தின் கோட்டைப் போடுவோம். மழை வந்து வெட்டு நின்றால் கோடு படுக்கும். மெய்டன் ஓவர்தான்! வடகிழக்குப் பருவமழையையும் அக்டோபரிலிருந்து இப்படிக் கூட்டிப் பார்க்கலாம். அதனால் கிரிக்கெட்டுக்கு மட்டும் ஒட்டுகிற பெயர் வைக்காதீர்கள். கரும்புக்கும் மழைக்கும் ஆகிற பெயராகச் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து:

ஊர்கோட்டைத் திரும்பப் பெறுகிறேன். இறங்கவே இறங்காது என்று டீச்சர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ‘ஏறுகோடு’ என்கிறேன். இதுவும் வினைத்தொகைதான். ஏறிய, ஏறுகிற, ஏறும் கோடு என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். கரும்புக்கும் ஆகும், மழைக்கும் ஆகும்.

முத்தியால்பேட்டையிலிருந்து:

நல்ல சொல். பாடநூல் வழியில் போனால் ‘குவிவுக்கோடு’ வரும், குவிவு நிகழ்வெண் என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். இலங்கையில் அதையே திரள் மீடிறன் என்பார்கள், அப்போது ‘திரள்கோடு’. கணக்காகப் பார்த்தால் இந்த இரண்டும்தான் சரி. ஏறுகோடு என்றால் விலைவாசிக் கோட்டையும் சொல்லலாம், அது கூட்டல் கணக்கு இல்லை. ஆனாலும் வர்ணனையில் ‘குவிவுக்கோடு’ என்று யாராவது சொல்வார்களா என்பது எனக்கே சந்தேகம்தான்.

இன்னொன்று. ‘ஏறு’ என்றதும் மேலே இருக்கும் கோட்டுக்காரன் ஜெயிக்கிறான் என்று தோன்றும். உங்கள் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு ஓவரில் விரட்டியவர்கள் 40, முதல் அணி அதே இடத்தில் 22. ஏழு ஓவரில் 50, 42. ஒன்பதில் 70, 68. ஒரு இடத்தில்கூட இரண்டு கோடும் வெட்டவில்லை, விரட்டியவர்கள்தான் கடைசிவரை மேலே. மைதானத்தில் அப்படியா இருந்தது?

மஞ்சக்குப்பத்திலிருந்து:

எங்கே டீச்சர்! ஏழாவது ஓவர் முடியும்போது ஆறு விக்கெட் போய்விட்டது, 18 பந்தில் 35 வேண்டும். முதல் அணி அதே ஏழு ஓவரில் இழந்தது இரண்டுதான். பாதிப் பேர் பைக்கை எடுத்துக் கிளம்பிவிட்டார்கள். கடைசி ஓவர் 6, 4, 1, 4. மேலே இருக்கும் கோட்டைப் பார்த்தால் நிம்மதியாக ஜெயித்த மாதிரி இருக்கிறது.

முத்தியால்பேட்டையிலிருந்து:

அதைத்தான் சொல்கிறேன். விக்கெட் விழுந்தாலும் கோட்டுக்கு வலிக்காது. அதனால்தான் விழுந்த இடத்தில் கோட்டின் மேல் புள்ளி வைக்கிறார்கள். விரட்டியவர்களின் கோட்டில் ஏழாவது ஓவருக்குள் ஆறு புள்ளி விழும், பார்க்கிறவனுக்குப் புரிந்துவிடும். மழை வந்தால் டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் கணக்கு கையில் இருக்கும் விக்கெட்டையும் சேர்த்துப் பார்ப்பது இதனால்தான்.

கடலூர் முதுநகரிலிருந்து:

படம் இப்போது எனக்கும் புரிகிறது. ஆனால் ஏறுகோடு, குவிவுக்கோடு எல்லாம் படித்தவர்கள் பேச்சு. என் பேரன் டிவி பார்க்கும்போது ‘தாத்தா, புழு தலையைத் தூக்கிடுச்சு’ என்கிறான். நீங்கள் புடைத்து எறிந்ததை அவன் எடுத்து வைத்துக்கொண்டான். புழுக்கோடு என்றே போடுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து:

பேரனோடு நான் வாதாட முடியாது. ஏறுகோட்டையும் விடமாட்டேன்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

புள்ளிகள் வைத்தாயிற்று, எட்டாவது புள்ளி ரன் அவுட், அதுவும் சேர்ந்துவிட்டது. தலைப்பு இடத்தை மட்டும் காலியாக விட்டு பேனர்க்காரரிடம் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அச்சுக்குப் போகிறது. அதற்குள் முடிவாகவில்லை என்றால் மேலே ஏறுகோடு, அடைப்புக்குள் புழுக்கோடு என்று இரண்டையும் போட்டுவிடுவேன், யாரும் கோபிக்கக் கூடாது.