வரிசையில் தேங்கும் வேலை: இரண்டு எண்களுக்குத் தமிழ்ச் சொல் தேவை

செல்வி, கிருஷ்ணகிரி

வணக்கம். எங்கள் பக்கத்து மாங்கூழ் ஆலை ஒன்றுக்கு எடைமேடை மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறோம். லாரி எடை போட்டதும் விவசாயிக்கு ஒரு குறுஞ்செய்தி, கணக்குப் பிரிவுக்கு ஒரு பதிவு என்று இரண்டு வேலைகள் வரிசையில் சேரும். பின்னால் ஓடும் ஒர்க்கர் என்ற நிரல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும். சீசனில் பெங்களூரா மாங்காய் ராத்திரி பகலாக வந்து இறங்கும். அப்போது வேலை தேங்குகிறதா என்று இரவுப் பணி மேற்பார்வையாளரே பார்த்துச் சொல்லும்படி ஒரு திரை கேட்கிறார்கள். அவருக்குத் தமிழ்தான் வசதி.

திரையில் இரண்டு எண்கள் வரும். ஒன்று க்யூ டெப்த், இன்னும் முடியாத வேலை எத்தனை என்பது. மற்றது ஓல்டஸ்ட் மெசேஜ் ஏஜ், அவற்றுள் மிகப் பழையது எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பது. முதலாவதற்கு ‘வரிசை ஆழம்’ என்று எங்கள் ஆபீசிலேயே ஒருவர் போட்டு வைத்திருக்கிறார், எனக்கு ஒட்டவில்லை. இரண்டாவதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை.

தமிழாசிரியர் (ஓய்வு), அரூர்

அன்புள்ள செல்விக்கு, ஆழம் கிணற்றுக்கு, ஏரிக்கு. வரிசைக்கு நீளம்தான். அதிலும் முடியாமல் நிற்பதைச் சொல்ல ‘தேக்கம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது.

இரண்டாவது சொல் எதற்கு என்றுதான் புரியவில்லை. நிமிடத்துக்கு இருபது வேலை முடிகிறது, வரிசையில் இருநூறு நிற்கிறது என்றால் காத்திருப்பு பத்து நிமிடம். வகுத்தால் வந்துவிடுகிறது. ஒரே பொருளுக்கு இரண்டு சொல் வைத்தால் மேற்பார்வையாளர்தான் குழம்புவார். ‘தேக்கம்’ ஒன்றே போதும்.

மாதையன், ஓசூர்

ஐயா, ‘தேக்கம்’ எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் நீங்கள் போட்ட வகுத்தல் ஒர்க்கர் ஓடிக்கொண்டிருக்கும் வரைதான் செல்லும். ஓடுகிறதா என்பதைத் தெரிந்துகொள்ளத்தானே இந்தத் திரையே.

ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். மணிக்குப் பத்து லாரி, அதாவது மணிக்கு இருபது வேலை. ஒரு மணிக்கு ஒர்க்கர் குறுஞ்செய்தி அனுப்பும் சேவையைக் கூப்பிட்டுவிட்டு, பதில் வராமல் அப்படியே நின்றுவிடுகிறது. இவ்வளவு நேரத்துக்குள் பதில் வராவிட்டால் விட்டுவிடு என்று டைம்அவுட் வைக்காத நிரல்களில் இது சர்வசாதாரணம். காலை ஆறு மணிக்கு வரிசையில் 100 வேலை. பகல் கூட்டத்தைப் பார்த்து 500க்கு அலாரம் வைத்திருப்பீர்கள், அது வாயே திறக்காது. ஐயா கணக்குப்படி நிமிடத்துக்கு 20 முடிகிறது என்று 100ஐ வகுத்தால் ஐந்து நிமிடக் காத்திருப்பு. உண்மையில் முதலில் வந்த விவசாயிக்கு ஐந்து மணி நேரமாகச் செய்தி போகவில்லை.

இப்போது பகல். நிமிடத்துக்கு 5 வேலை வருகிறது, ஒர்க்கர் 20 முடிக்கும். மாலை நான்கு மணிக்குக் கணக்குப் பிரிவு 900 பேருக்கான தகவலை ஒரே தட்டில் வரிசையில் போடுகிறது. 500 அலாரம் அலறும். ஆனால் கெட்டது எதுவும் நடக்கவில்லை. நிமிடத்துக்கு 15 வீதம் குறைந்து ஒரு மணி நேரத்தில் வரிசை காலியாகிவிடும். மிகப் பழையதன் வயது முதல் 45 நிமிடம் ஏறும், ஏனென்றால் அந்த 900மே ஒரே நேரத்தில் வந்தவை. அதற்குப் பிறகு விறுவிறுவென்று இறங்கும்.

ஆகவே வயது ஏறுகிறது என்பது மட்டுமே கோளாறு ஆகாது. வயதும் ஏறி எண்ணிக்கையும் ஏறினால் ஒர்க்கர் நின்றுவிட்டது, அல்லது வரத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. வயது ஏற, எண்ணிக்கை இறங்கினால் மொத்தமாக வந்த ஒன்று வடிகிறது. எண்ணிக்கை இரண்டு மூன்றிலேயே நிற்க, வயது மட்டும் மணிக்கணக்காக ஏறினால் ஏதோ ஒரு வேலை சிக்கிக்கொண்டு மற்றவை அதைத் தாண்டிப் போகின்றன. தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப்பெயர் இருந்து, ஒவ்வொரு முறையும் பிழையாகித் திரும்பி வரும் வேலை அப்படித்தான் தெரியும்.

ஆலை வாசலில் எத்தனை லாரி நிற்கிறது என்பது வேறு, முதல் லாரி எப்போது வந்தது என்பது வேறு என்று மேற்பார்வையாளருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டுக்கும் சொல் வேண்டும்.

கலைவாணி, தருமபுரி

நான் கணக்கு எழுதுகிறவள். எங்களிடம் இது பல வருடமாக இருக்கிறது. விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய பணம் 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பிரித்து எழுதுவோம். அதற்குப் பேர் நிலுவை, மிகப் பழையது ‘பழைய பாக்கி’. இதையே போட்டுவிடலாமே? பணம் எத்தனை நாள் நிற்கிறது என்று திரையிலேயே காட்டினால் விவசாயிகளுக்கும் நல்லது. எங்கள் மண்டியிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

செல்வி, கிருஷ்ணகிரி

கலைவாணி அக்கா, இது பணம் இல்லை, அனுப்பாமல் நிற்கும் தகவல். ஆனால் நீங்கள் சொன்னதைப் படித்ததும்தான் தலையில் அடித்தது. நான் ‘நிலுவை எண்ணிக்கை’ என்று வைக்கலாம் என்ற எண்ணத்தில் இருந்தேன். மாங்கூழ் ஆலையின் திரையில் ‘நிலுவை 340’ என்று இருந்தால் எடைமேடைக்கு வரும் ஒவ்வொருவரும் அதைப் பணமாகத்தான் படிப்பார்கள். ஆலைக்காரருக்கு அதைவிட வம்பு வேண்டாம். நிலுவையும் பாக்கியும் கிடையாது.

சதீஷ், காவேரிப்பட்டினம்

ஏன் இவ்வளவு சுற்றுகிறோம்? ‘காத்திருப்பு நேரம்’ என்று வைத்தால் எல்லாருக்கும் புரியும். எங்கள் டேஷ்போர்டில் சராசரி காத்திருப்பு நேரம் ஏற்கெனவே இருக்கிறது, அதையே இங்கும் காட்டிவிடலாம்.

மாதையன், ஓசூர்

சதீஷ் தம்பி, அந்தச் சராசரி எந்த வேலைகளிலிருந்து வருகிறது என்று பார். முடிந்த வேலைகளிலிருந்துதானே? ஒவ்வொன்று முடியும்போதும் ‘இது இவ்வளவு நேரம் நின்றது’ என்று குறித்து, அதைச் சராசரியாக்குகிறோம். ஒர்க்கர் நின்றுவிட்டால் எதுவுமே முடியாது, புதிய கணக்கும் வராது. ஒரு மணிக்கு முன் முடிந்தவற்றின் மூன்று விநாடிச் சராசரி விடியும்வரை அழகாகத் திரையில் நின்றுகொண்டிருக்கும். நாம் தேடும் எண் முடியாதவற்றைப் பற்றியது. இரண்டுக்கும் ‘காத்திருப்பு நேரம்’ என்று ஒரே பெயர் வைத்தால் ஒன்றை மற்றதாகப் படித்துவிடுவார்கள். அந்தச் சொல் முடிந்தவற்றுக்கே இருக்கட்டும்.

செல்வி, உங்கள் வரிசை போஸ்ட்கிரெஸ் தரவுத்தள அட்டவணைதானே? அப்படியென்றால் ‘முடியாதது’ என்பதற்குள் எதெல்லாம் சேரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெரும்பாலோர் `status = 'pending'` என்று மட்டும் எண்ணுகிறார்கள். ஒர்க்கர் ஒரு வேலையைக் கையில் எடுத்ததும் அது `running` ஆகிவிடும். எடுத்த கையோடு ஒர்க்கர் செத்தால், சிக்கிய அந்த வேலையே இரண்டு எண்களிலிருந்தும் காணாமல் போய்விடும். இப்படிக் கேளுங்கள்:

```sql
SELECT count(*) AS open_jobs,
       now() - min(created_at) AS oldest_age
FROM jobs
WHERE status IN ('pending', 'running');
```

மறுமுயற்சியின்போது `created_at` மாறக் கூடாது. அடுத்து எப்போது ஓட வேண்டும் என்பதற்குத் தனிப் பத்தி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றினால் ஒவ்வொரு மறுமுயற்சியிலும் வேலை புதிதாகப் பிறந்துவிடும், வயது ஏறவே ஏறாது.

அமேசானின் எஸ்க்யூஎஸ் என்ற வரிசைச் சேவையை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அங்கே `ApproximateAgeOfOldestMessage` என்று இந்த எண் தயாராகவே கிடைக்கும். ஆனால் சாதாரண வரிசையில் ஒரு செய்தி மூன்று முறையோ அதற்கு மேலோ எடுக்கப்பட்டும் முடியாமல் போனால், அது பின்னுக்குத் தள்ளப்படும். எண் அதற்கு அடுத்த பழையதைக் காட்டத் தொடங்கும். சிக்கிய செய்தி அங்கேயேதான் இருக்கும், எண் மட்டும் இறங்கியிருக்கும். அதனால் தோற்றவை போய்ச் சேர தனி வரிசை ஒன்று வைத்து, அதில் ஒன்று விழுந்தாலும் அலாரம் அடிக்கும்படி செய்ய வேண்டும்.

அலாரத்தை வயதில் வையுங்கள். லாரி ஆலையை விட்டுப் போவதற்குள் செய்தி வர வேண்டும் என்றால் பதினைந்து நிமிடம் சரியாக இருக்கும் என்பது என் ஊகம், அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். அலாரம் அடித்த பிறகு எத்தனை ஒர்க்கரைக் கூட்டுவது, எப்போது வடியும் என்று கணக்குப் போட எண்ணிக்கை உதவும். அங்கே ஐயாவின் வகுத்தல் கச்சிதமாக வேலை செய்யும். வரத்தை மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

தமிழாசிரியர் (ஓய்வு), அரூர்

மாதையன் சொன்ன இரவுக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். இரண்டு சொல் வேண்டும்தான். முதலாவது ‘தேக்க எண்ணிக்கை’. இரண்டாவதற்கு ‘தேக்கமூப்பு’. பணிமூப்பு என்று அரசு அலுவலகத்தில் வழங்குவதால் மூப்பு என்பது முதியவரை மட்டும் குறிக்காது, யார் முந்தி வந்தவர் என்பதையும் குறிக்கும். வரிசைக்குப் பொருந்துகிறது. ‘தலைச்செய்தி வயது’ என்றும் யோசித்தேன், மாதையன் என்ன சொல்கிறார்?

மாதையன், ஓசூர்

தலை வேண்டாம் ஐயா. அவசர வேலையை முன்னால் விடும் வரிசைகளில் தலையில் நிற்பது மிகப் பழையதாக இருக்க வேண்டியதில்லை, இப்போதுதான் வந்ததாகவும் இருக்கலாம். பழையது நடுவில் எங்கோ கிடக்கும். தேக்கமூப்பு கலைச்சொல் பட்டியலுக்குச் சரி.

சதீஷ், காவேரிப்பட்டினம்

மூப்பு என்றால் எனக்குப் பணி உயர்வுப் பட்டியல்தான் ஞாபகம் வருகிறது. ‘தேக்க வயது’ என்று எளிதாக வையுங்கள் ஐயா. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் படிக்கிற ஆளையும் நினைக்க வேண்டும்.

செல்வி, கிருஷ்ணகிரி

மூப்பா வயதா என்பதைப் பட்டியல் ஆட்கள் பேசி முடியுங்கள், நான் இரண்டையும் குறித்து வைக்கிறேன். திரையில் சொல்லே வைக்காமல் வாக்கியமாகப் போட்டு, ஆலையில் ஒருவரிடம் காட்டினேன்:

```
முடியாத வேலைகள்: 12
மிகப் பழையது நிற்பது: 34 நிமிடமாக
```

கேட்காமலேயே “முப்பத்திநாலு நிமிஷமா ஒண்ணு நிக்குதா, யாரோடது?” என்றார். ஆக, எடைச் சீட்டு எண்ணையும் அந்த வரியிலேயே காட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு சந்தேகம் மீதி. வரிசை காலியாக இருக்கும்போது `min(created_at)` வெறுமையாக வருகிறது, திரையில் இரண்டாவது வரி காலியாகிவிடுகிறது. சுழியம் போடலாமா?

மாதையன், ஓசூர்

காலி என்றால் ‘எதுவும் நிற்கவில்லை’ என்றே எழுதுங்கள். ஆனால் கேள்வி கேட்கும் நிரலே நின்றுபோனாலும் திரை பழைய வரியைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். கீழே ‘கடைசியாகப் பார்த்தது 02:14’ என்று நேரம் ஒன்று வையுங்கள், இரண்டு நிமிடத்துக்கு மேல் பழசானால் சிவப்பாகட்டும். அந்த நேரத்துக்கு என்ன பெயர் என்று இப்போதே ஆரம்பிக்காதீர்கள் ஐயா, மாம்பழ சீசன் முடியட்டும்.