புதுப்பிப்பு: வரவேற்புக் கடிதத்தை மாற்றி எழுதினேன்

முன்பு கேட்டது: "இணையவழிச் சான்றிதழ் படிப்புக்கு வரவேற்புக் கடிதம் அனுப்பியும் முதல் வகுப்புக்குப் பாதிப்பேர் உள்ளே வரவில்லை. கடிதத்தில் என்ன குறை?"

சோம்பல் காரணமில்லை. படிப்புத் தளத்தின் மாணவர் பட்டியலில் கடைசி வருகை என்ற இடத்தில் பலருக்கும் Never என்றே இருந்தது. நான்கு பேரை அழைத்துக் கேட்டேன். மூன்று பேர் வகுப்பு தொடங்கும் நாளுக்கு முந்தின இரவுதான் கடிதத்தைத் திறந்திருக்கிறார்கள். கடவுச்சொல் அமைக்கும் இணைப்பு அதற்குள் காலாவதி. வேலை, குடும்பம் என்று இருப்பவர்கள் வேறெப்போது திறப்பார்கள்?

"முன்கூட்டியே அனுப்புங்கள்" என்று இங்கே சொன்னது பாதி சரி. நான் பத்து நாள் முன்பே அனுப்பியதுதான் வினையாயிற்று. பாடத்திட்டம் வடிவமைக்கும் நண்பர் சொன்னதே உதவியது: கடிதத்தில் ஒரே வேலை, அதுவும் முதல் பத்தியில்.

இப்போது தொடக்கம் இப்படி: "இன்றே ஒருமுறை உள்ளே நுழைந்து உங்கள் பெயரைப் பதியுங்கள். இணைப்பு திறக்காவிட்டால் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்பதை அழுத்தினால் புதியது வரும்." அப்புறம்தான் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், நேரலை எப்போது, தவறவிட்டால் பதிவு எங்கே என்பதெல்லாம். பாடத்திட்டத்தைத் தனி இணைப்பாக்கிவிட்டேன். இரண்டு நாள் முன் Never உள்ளவர்களுக்கு மட்டும் நினைவூட்டல்.

இந்த முறை வராதவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவருக்குக் கடிதம் ஸ்பாமில். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. சான்றிதழ் எப்போது வரும் என்று கேட்டவருக்கு: நான் வேறு படிப்பின் ஒருங்கிணைப்பாளர், ஐயா!