ஏறிப்போன ஸ்வீப் இறங்கி வருது: ட்வீட்டர் பழுதா, ஸ்கிரிப்ட் பழுதா?

ஸ்ரீதர்_கோவை

ஸ்பீக்கரைச் சோதிக்க 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20000 வரை 30 நொடியில் ஏறுற மாதிரி ஒரு ஸ்வீப்பை பைத்தான்ல எழுதினேன். 48000 சாம்பிள் ரேட், 16 பிட் வேவ் ஃபைல். கணக்குப் போடுற வரிகள் இவ்வளவுதான்:

```python
f = 20 + (20000 - 20) * t / 30
s = sin(2 * pi * f * t)
```

12வது நொடி வாக்குல சத்தம் காதுக்கு எட்டாமப் போயிடுது. என் கணக்குப்படி அந்த நேரத்துல 8000 ஹெர்ட்ஸ்தான், நல்லாவே கேட்கணும். 24வது நொடியில மறுபடி தலைகாட்டி, கீ..ன்னு மேலேருந்து கீழ இறங்கிட்டே வந்து முடியுது. ரெண்டு பாக்ஸும் இப்படித்தான். ட்வீட்டர் போயிருச்சா? இதே மாதிரி பார்த்தவங்க சொல்லுங்க.

குமார்_96கே

ட்வீட்டர் இல்லை தம்பி, சாம்பிள் ரேட்தான். 48000ல எழுதினா 24000 ஹெர்ட்ஸுக்கு மேல இடமில்லை. அதைத் தாண்டுற சத்தம் மடங்கித் திரும்பி வரும், நீங்க கேட்டது அதுதான். `SR = 96000`னு மாத்திப் பாருங்க, இறங்குற சத்தம் காணாமப் போயிடும். ரெண்டு மூணு பேருக்கு இதைச் சொல்லிச் சரியாயிருக்கு.

அலைமதி

குமார் அண்ணன் சொன்ன மடங்கல் உண்மை. ஆனால் 20000-ல் முடிய வேண்டிய ஸ்வீப் 24000-ஐ எப்படித் தாண்டியது? அங்கேதான் பழுது இருக்கிறது. 96000-க்கு மாற்றினால் அறிகுறி மறையும், பழுது அப்படியே இருக்கும்.

`sin` உள்ளே போவது ஃபேஸ். அந்த ஃபேஸ் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதுதான் அதிர்வெண். அதிர்வெண் மாறாத டோனுக்கு `f * t` சரி. மாறிக்கொண்டே போகும் ஸ்வீப்புக்கு அப்படிப் பெருக்கினால், பஸ் இப்போது 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்பதற்காகக் கிளம்பியதிலிருந்தே 60-ல் ஓடியதாக வைத்துத் தூரம் சொல்வது போல ஆகிவிடும். நேராக ஏறும் ஸ்வீப்பில் இதனால் ஏற்றம் சரியாக இரண்டு மடங்காகிறது.

ஸ்ரீதரின் எண்களையே போட்டுப் பாருங்கள். 12வது நொடியில் 8000 அல்ல, கிட்டத்தட்ட 16000 ஹெர்ட்ஸ் ஓடுகிறது. அங்கே கேட்காமல் போனது இயல்பு. 18வது நொடியில் 24000-ஐத் தொட்டு மடங்குகிறது. 24வது நொடியில் கணக்கு 32000, அது மடங்கி 16000 ஆகக் கேட்கும். 30வது நொடியில் கணக்கு 39980, மடங்கினால் 8020 ஹெர்ட்ஸ். அதாவது 12-ல் மறைந்து, 24-ல் திரும்பி, எட்டாயிரத்துச் சொச்சத்தில் முடியும். நீங்கள் எழுதியதும் அதையேதான். ட்வீட்டர் நன்றாக இருக்கிறது.

96000 ரேட்டில் எல்லை 48000. 39980 அதற்குள் அடங்கிவிடுவதால் மடங்காது. ஆனால் 15வது நொடியிலேயே 20000-ஐத் தாண்டிவிடும், மீதிப் பாதி ஃபைல் காதுக்குச் சும்மா. அதை நம்பி ‘இத்தனையாவது நொடி இத்தனை ஹெர்ட்ஸ்’ என்று எழுதி வைத்தால் எல்லாமே பாதி மதிப்பாக இருக்கும்.

ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஃபேஸைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஏற்றத்தையும் மடங்கு முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நேர் ஏற்றத்தில் 20 முதல் 200 வரையுள்ள பேஸ் முழுவதும் கால் நொடியில் ஓடிவிடும், அதில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

```python
import wave, array
from math import sin, cos, pi
SR, T, f0, f1, amp = 48000, 30, 20, 20000, 0.1
n, fade, ph = SR * T, SR // 50, 0.0
out = array.array('h')
for i in range(n):
    ph += 2 * pi * f0 * (f1 / f0) ** (i / n) / SR
    k = min(i, n - 1 - i, fade) / fade
    g = 0.5 - 0.5 * cos(pi * k)
    out.append(round(32767 * amp * g * sin(ph)))
with wave.open('sweep.wav', 'wb') as w:
    w.setnchannels(1)
    w.setsampwidth(2)
    w.setframerate(SR)
    w.writeframes(out.tobytes())
```

தனியாக எதையும் நிறுவ வேண்டாம், பைத்தானோடு வருவதே போதும். 20-லிருந்து 20000 என்பது ஆயிரம் மடங்கு. அதை 30 நொடியில் ஏறினால் பத்து நொடிக்குப் பத்து மடங்கு: 10வது நொடியில் 200, 20வது நொடியில் 2000. மனக்கணக்காகவே பார்த்துக்கொள்ளலாம் என்பதால்தான் 30 நொடி.

`amp`ஐ 0.1-க்கு மேல் முதல் ஓட்டத்தில் ஏற்றாதீர்கள். 10000 ஹெர்ட்ஸுக்கு மேல் காது உறைப்பாக உணராது, ‘கேட்கவில்லையே’ என்று வால்யூமைத் திருப்புவார்கள், ட்வீட்டர் காயில் அங்கேதான் கருகும். சின்ன பாக்ஸாக இருந்தால் `f0`ஐ 40 ஆக வையுங்கள். 20 ஹெர்ட்ஸில் சத்தம் வராது, கோன் மட்டும் வீணாக அலையும்.

குமார்_96கே

சரிதான், பழைய ஸ்கிரிப்டை 96000ல போட்டு ஆடாசிட்டியில ஸ்பெக்ட்ரோகிராம் பார்த்தேன். கோடு மேல 40000 வரைக்கும் போகுது. நேரா ஏறுற கோடா இருந்ததால சந்தேகமே வரலை. ஆனா ஒண்ணு, சில சவுண்ட் கார்டு 44100லதான் ஓடும், ஓ.எஸ். நடுவுல மாத்திக் கொடுக்கும். அங்கேயும் மடங்கல் வருமா?

அலைமதி

நல்ல மாற்றியாக இருந்தால் 22050-க்கு மேலுள்ளதை வெட்டிவிட்டுத்தான் மாற்றும், வராது. மட்டமானதில் லேசாக வரும். ஒரே ஃபைலை இரண்டு கருவியில் ஓட்டி, இறங்கும் சத்தம் ஒன்றில் மட்டும் வந்தால் அந்தக் கருவியின் வேலை என்று வைத்துக்கொள்ளலாம்.

நூர்ஜஹான்

இந்த ஸ்வீப்பை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன், புளூடூத் இயர்ஃபோன்ல. வயசு 62. 18 நொடியோட கேட்கலைங்கிறார். அலைமதி சொன்ன கணக்குப்படி பார்த்தா 1260 ஹெர்ட்ஸ் வருது. பேசுறது எல்லாம் நல்லாக் கேட்குதே, காது அவ்வளவு மோசமா?

கலைச்செல்வி_ஆடியோமெட்ரி

பயப்படாதீங்கம்மா. முதல்ல ஒண்ணு பார்க்கணும். அவர் 18னு சொன்னது பிளேயர்ல ஓடுற நேரமா, உங்க போன்ல தனியா ஸ்டாப்வாட்ச் வச்ச நேரமா? நீங்க பட்டனை அழுத்துறதுக்கும் புளூடூத்ல சத்தம் வர்றதுக்கும் இடைவெளி இருக்கும். தூங்கிட்டு இருக்கிற இயர்ஃபோன் முதல் அரை நொடியை முழுங்கியும் விடும். எந்த டெஸ்ட் ஃபைலா இருந்தாலும் முன்னாடி ஒரு நொடி மௌனம் சேர்த்துடுங்க, கணக்குல அந்த ஒரு நொடியைக் கழிச்சுடுங்க.

ஆனா அது ஒண்ணு ரெண்டு நொடிதான் மாத்தும். பெரிய விஷயம், காதைப் பார்க்க ஸ்வீப் சரிப்படாது. சத்தம் விடாம ஓடிட்டே இருந்தா ‘இன்னும் கேட்குது’ன்னு ஒரு நினைப்பு வரும், இல்லேன்னா கவனம் நழுவும். நாங்க கிளினிக்ல விட்டு விட்டு பீப் கொடுப்போம், 250லிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொண்ணா. இடைவெளியை மாத்தி மாத்திக் கொடுப்போம், ஆள் தாளம் பிடிச்சு ஊகிக்கக் கூடாது. வீட்டுல அரை நொடி பீப், நடுவுல ஒண்ணரையிலிருந்து நாலு நொடி வரை `random.uniform`ல இடைவெளி, ஒவ்வொரு பீப்புக்கும் `amp`ஐ 0.562ஆல் பெருக்கிட்டே போங்க. ஒரு படிக்கு 5 டெசிபல் குறையும்.

பீப்போட ரெண்டு முனையிலும் மேல அலைமதி போட்ட `fade` கட்டாயம் இருக்கணும். டக்குன்னு வெட்டினா முனையில ‘டிக்’னு ஒரு சத்தம் வரும். அதுல எல்லா அதிர்வெண்ணும் கலந்திருக்கும். 8000 கேட்காதவர்கூட அந்த டிக்கைக் கேட்டு கையைத் தூக்கிடுவார். பார்த்துட்டு காது நல்லா இருக்குன்னு நினைச்சுப்போம்.

இன்னொண்ணு, போன்லயும் விண்டோஸ்லயும் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட், ஈக்வலைசர் எல்லாத்தையும் நிறுத்திடுங்க. சிலது மெல்லிய சத்தத்தை அதுவாத் தூக்கிக் கொடுக்கும், 5 டெசிபல் படியே இருக்காது.

இவ்வளவு செஞ்சாலும் வர்ற எண்ணை ஆடியோகிராம்ல எழுத முடியாது. எந்த `amp` காதுல எத்தனை டெசிபல்னு உங்க இயர்ஃபோனுக்கு யாரும் அளந்து வைக்கலை. வலது இடது வித்தியாசம் மட்டும் ஓரளவு நம்பலாம். ஒரு காதுல குறைவாத் தெரிஞ்சா இயர்ஃபோனை மாத்தி மாட்டுங்க. குறை அதே காதுல நின்னா காது, கூடவே மாறினா இயர்ஃபோன். காதுலயே நின்னா ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்க. திடீர்னு ஒரு நாள்ல குறைஞ்சதுன்னா டெஸ்ட் ஃபைல் எல்லாம் வேண்டாம், அன்னைக்கே போகணும்.

அலைமதி

கலைச்செல்வி அக்கா சொன்ன படி இறங்குமுறையில் ஒரு எல்லை உண்டு. 16 பிட்டில் `amp` 0.0001-க்கு வந்தால் சைன் அலைக்கு மேலே மூன்று படி, கீழே மூன்று படிதான் மிஞ்சும். அது சைனாக இருக்காது, மேல் அதிர்வெண்கள் ஒட்டிக்கொள்ளும். 500 ஹெர்ட்ஸ் பீப்பில் காது 1500-ஐக் கேட்டுக் கை தூக்கலாம். `round`க்குள் `random() - random()` சேர்த்தால் அந்த ஒட்டு போய் மெல்லிய இரைச்சல் மட்டும் இருக்கும்.

நூர்ஜஹான்

ஒயர் இயர்ஃபோன்ல பீப் மாத்திப் போட்டேன் அக்கா. 1000, 2000 ரெண்டும் கேட்குது. 4000ல வலது காது ரெண்டு படி முன்னாடியே நின்னுடுது. மாத்தி மாட்டினா ஒரு படி வித்தியாசம். காதுன்னும் சொல்ல முடியலை, இயர்ஃபோன்னும் சொல்ல முடியலை.

கலைச்செல்வி_ஆடியோமெட்ரி

மாத்தி மாட்டினப்போ குறைஞ்சது எந்தக் காதுன்னு எழுதலையே. அதுவும் வலதுதான்னா காதுலயும் கொஞ்சம் இருக்கலாம். இயர்ஃபோன் காதுல உட்கார்ற விதமே ஒரு படி மாத்திடும், கழட்டி மாட்டி திரும்பப் பாருங்க. எப்படி வந்தாலும் 62 வயசுக்கு ஒரு தடவை முறையா அளந்துக்கறது நல்லது.

ஸ்ரீதர்_கோவை

புது ஸ்கிரிப்ட் அருமையா ஓடுது, 20000ல மறைஞ்சா மறைஞ்சதுதான். ஆனா இப்போ வேற ஒண்ணு. இடது பாக்ஸ்ல 9வது நொடியில ‘ஜ்ர்ர்’னு ஒரு அதிர்வு. கணக்குப்படி 159 ஹெர்ட்ஸ். 159ல தனி டோன் போட்டா அதிர்வே இல்லை!

அலைமதி

காது கேட்டு, கை நிறுத்த அரை நொடி ஆகியிருக்கும். இந்த ஸ்வீப்பில் அரை நொடி என்றால் 12 சதவீதம், உண்மையான இடம் 142 பக்கம் இருக்கும். `f0 = 100`, `f1 = 200` என்று வைத்து அதே 30 நொடிக்கு ஓட்டுங்கள். அப்போது அரை நொடித் தவறு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான். இடம் பிடிபட்டதும் அந்த அதிர்வெண்ணில் தனி டோனை ஓடவிட்டு, விரலால் ஒவ்வொன்றாக அழுத்துங்கள்: முன்வலை, பின்பக்கத் திருகு, ஒயர் தொடும் இடம், பாக்ஸ் நிற்கும் பலகை, பக்கத்து அலமாரிக் கண்ணாடி. எதை அழுத்தும்போது நிற்கிறதோ அதுதான்.

ஸ்ரீதர்_கோவை

144 ஹெர்ட்ஸ். வலையைக் கழட்டியாச்சு, பாக்ஸைத் தரையில வச்சாச்சு, இன்னும் இருக்கு.

குமார்_96கே

வாய்ஸ் காயில் உரசுது. கோனை மாத்தணும்.

அலைமதி

அதற்குள் மாற்ற வேண்டாம். காயில் உரசினால் 144-ல் மட்டும் நிற்காது, 40, 50 ஹெர்ட்ஸில் கோன் அதிகம் அசையும்போது இன்னும் தெளிவாகக் கேட்கும். ஆம்பை அணைத்துவிட்டு நான்கு விரலைக் கோனின் நடுவைச் சுற்றிச் சமமாக வைத்து மெல்ல உள்ளே தள்ளிப் பாருங்கள், உரசல் விரலில் தெரியும். இரண்டும் இல்லையென்றால் உள்ளே கிராஸோவர் பலகையோ தளர்ந்த ஒயரோ பெட்டிச் சுவரில் தட்டுகிறது. ஸ்பீக்கரைக் கழற்றி உள்ளே பாருங்கள். 144-ல் மட்டும் என்பதால் என் சந்தேகம் ஒயர் மேல்தான்.