கொலம்பஸ் எந்த ஊர்க்காரர்? ஆளுக்கொரு பட்டா!

தென்கரையான்: கொலம்பஸ் இத்தாலியின் ஜெனோவாவில் பிறந்தார் என்று பள்ளியில் படித்ததை மறந்துவிடுங்கள். 2024 அக்டோபரில் ஸ்பெயின் தொலைக்காட்சியில் மரபணு ஆய்வின் முடிவைச் சொல்லிவிட்டார்கள். அவர் யூத வம்சம், வலென்சியா பக்கத்து ஆள். விஷயம் முடிந்தது.

பழைய ஏடு: எங்கே முடிந்தது? செவில்லா தேவாலயத்தில் இருக்கும் எலும்பையும் மகன் ஃபெர்னாண்டோவின் எலும்பையும் வைத்துச் செய்த ஆய்வு அது. ஆய்வுக் கட்டுரை வெளிவருவதற்கு முன்பே தொலைக்காட்சியில் ஒளிபரப்பிவிட்டார்கள். அது முழுக்கச் சரி என்றே வைத்துக்கொள்வோம். முன்னோர் யார் என்று எலும்பு சொல்லலாம், பிறந்த ஊரை எப்படிச் சொல்லும்? யூத வம்சத்தவர் ஜெனோவாவில் பிறக்கக்கூடாது என்று யாராவது சட்டம் போட்டிருந்தார்களா?

ஊரைத் தெரிந்துகொள்ள நோட்டரிப் பத்திரங்களைப் பாருங்கள். 1470 அக்டோபர் 31 தேதியிட்ட ஜெனோவாப் பத்திரம் ஒன்றில் டொமெனிக்கோவின் மகன் கிறிஸ்டோஃபர், வயது 19க்கு மேல் என்று இருக்கிறது. அப்பா கம்பளி நெசவாளி. பிறகு குடும்பம் சவோனாவுக்குப் போய்விட்டது. அதனால் சவோனாக்காரர்களும் அவரை எங்கள் ஆள் என்கிறார்கள். ஆனால் 1472இல் சவோனாவிலேயே எழுதிய உயிலுக்குச் சாட்சியாக நின்றவரை ‘ஜெனோவாவைச் சேர்ந்த கம்பளித் தொழிலாளி’ என்றுதான் அந்த ஊர் நோட்டரி எழுதியிருக்கிறார்.

தென்கரையான்: கொலம்பஸ் என்பதன் இத்தாலிய வடிவம் கொலம்போ. அந்தப் பெயரில் அந்த ஊரில் எத்தனை பேர் இருந்தார்களோ! நெசவாளி மகன் கிறிஸ்டோஃபர் ஒருவர் இருந்தார், ஒப்புக்கொள்கிறேன். அவர்தான் அமெரிக்காவுக்குப் போனவர் என்பதற்கு என்ன அத்தாட்சி? நெசவாளி மகனுக்கு அட்மிரல் பட்டம் எப்படிக் கிடைத்தது?

பழைய ஏடு: இந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். 1496 அக்டோபர் 11. டொமெனிக்கோவின் அண்ணன் தம்பி முறையில் அந்தோனியோ என்று ஒருவர். அவருடைய மகன்கள் ஜொவான்னி, மத்தேயோ, அமிகெத்தோ மூவரும் ஜெனோவாவில் நோட்டரி முன்னால் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் செய்கிறார்கள். ஜொவான்னி ஸ்பெயினுக்குப் போய் ‘ஸ்பெயின் மன்னரின் அட்மிரல் கிறிஸ்டோஃபர் கொலம்போ’வைத் தேடிப் பார்க்கவேண்டும், செலவை மூவரும் பங்கிட்டுக்கொள்ளவேண்டும். கிடைக்கும் லாபமும் பங்குதான். ஒன்றுவிட்ட சகோதரர் பெரிய ஆளாகிவிட்டார் என்று கேள்விப்பட்டு வழிச்செலவுக்கு வசூல் செய்திருக்கிறார்கள், வேறென்ன? 1498இல் மூன்றாவது பயணத்தில் ஒரு கப்பலுக்குத் தலைவராகப் போனவர் பெயர் ஜொவான்னி அந்தோனியோ கொலம்போ. உறவே இல்லாத ஒருவருக்கு அட்மிரல் கப்பலைத் தூக்கிக் கொடுத்தாரா?

வாசுகி: நான் கோர்சிகாவில் கால்வி என்ற ஊருக்குப் போயிருக்கிறேன். கொலம்பஸ் பிறந்த வீடு என்று அங்கே கல்வெட்டே வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கால்வி ஜெனோவாக் குடியரசின் கையில் இருந்தது. ஜெனோவாக்காரர் என்றால் அந்த நகரத்திலேயே பிறந்திருக்க வேண்டும் என்பதில்லையே?

பழைய ஏடு: பாதி சரி. வெறுமனே ‘ஜெனோவாக்காரர்’ என்று மட்டும் இருந்தால் உங்கள் கட்சி நிற்கும். ஆனால் 1498 உயிலில் அவரே ஜெனோவா நகரத்தைப் பற்றிப் பேசுகிறார். அங்கே நம் வம்சத்தில் ஒருவர் எப்போதும் வீடு வைத்துக் குடும்பத்தோடு வாழவேண்டும், ஏனென்றால் ‘அங்கிருந்து வந்தேன், அங்கேதான் பிறந்தேன்’ என்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

தென்கரையான்: அந்த உயிலின் மூலம் எங்கே? கையில் இருப்பது நகல். 1578க்குப் பிறகு நடந்த வாரிசு வழக்கில் கொண்டுவந்து நீட்டியது. சொத்துத் தகராறில் வந்த காகிதத்தையா நம்பச் சொல்கிறீர்கள்?

பழைய ஏடு: அந்த வழக்கில் இத்தாலியிலிருந்து உரிமை கேட்டு வந்தவர் குக்காரோ என்ற ஊர்க்காரர். கள்ளப் பத்திரம் செய்கிறவர் தன் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு ஜெனோவா என்று எழுதுவாரா? அதோடு ஃபெர்னாண்டோவின் உயிலையும் பாருங்கள். தன் தகப்பனாரை ஜெனோவாக்காரர் என்றுதான் சொல்கிறார்.

தென்கரையான்: நகல் நகல்தான்.

மருதாணி: எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவின் ஊர் திங்கள்சந்தை. நான் பிறந்தது அம்மா பிரசவத்துக்குப் போன நாகர்கோவிலில். சான்றிதழில் ஓர் ஊர், ரேஷன் அட்டையில் வேறு ஊர். கொலம்பஸின் அம்மாவும் தாய்வீட்டுக்குப் போயிருந்தால்?

பழைய ஏடு: அம்மா பெயர் சுசன்னா ஃபோன்டனரோசா. நம் ஊர் வழக்கத்தைக் கொண்டுபோய் அவர் தலையில் ஏற்றுவதற்கு முன் அங்கே அப்படி ஒரு வழக்கம் இருந்ததா என்று சொல்லுங்கள்.

மருதாணி: இருந்ததில்லை என்று நீங்கள் சொல்லுங்களேன்.

கப்பல்காரன்: இதில் என்ன சந்தேகம்? செவில்லாவில்தான். சாண்டோ டொமிங்கோவில் 1992இல் பெரிய கலங்கரை விளக்கம் கட்டி அங்கேயும் எலும்பு இருக்கிறது என்கிறார்கள், நான் நம்பவில்லை.

வாசுகி: ஐயா, புதைத்த இடத்தைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை.

தென்கரையான்: இன்னொன்று. இத்தாலியில் பிறந்தவர் ஜெனோவா வங்கிக்கே ஏன் ஸ்பானிய மொழியில் கடிதம் எழுதினார்? ஏட்டாருக்குப் பதில் உண்டா?

பழைய ஏடு: உண்டு. ஜெனோவாக்காரர்கள் வீட்டில் பேசிய மொழி வேறு, நோட்டரி எழுதிய லத்தீன் வேறு. இளம் வயதிலேயே கடலுக்குப் போனவர் எழுதிப் பழகியது போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும்தான். நீங்கள் சொல்லும் அந்த 1502 கடிதத்திலேயே, உடல் இங்கே இருந்தாலும் மனம் எப்போதும் அங்கேதான் என்று ஜெனோவாவை நினைத்து எழுதியிருக்கிறார். அதைப் படித்தீர்களா, அல்லது மொழியைப் பார்த்ததும் மூடிவைத்துவிட்டீர்களா?

ஜெனோவாக்காரர்களையும் நான் விடப்போவதில்லை. போர்த்தா சொப்ரானா என்ற பழைய நகர வாசல் பக்கம் ‘கொலம்பஸ் வீடு’ என்று டிக்கெட் வாங்கிக் காட்டுகிறார்களே, அந்த இடத்துக்குக் குடும்பம் வந்ததே 1455இல். பிள்ளை பிறந்தது 1451ஐ ஒட்டி. அப்போது அப்பா ஒலிவெல்லா என்ற வேறொரு நகர வாசலுக்குக் காவல் அதிகாரி. போதாக்குறைக்கு 1684இல் பிரெஞ்சுக்காரர்கள் குண்டு போட்டு அந்தப் பழைய வீடும் போய், இப்போது நிற்பது பின்னால் கட்டியது. ஊர் சரி, வீடு தப்பு.

தென்கரையான்: பார்த்தீர்களா! வீட்டையே பொய்யாகக் காட்டுகிறவர்களின் உயிலை மட்டும் நம்பவேண்டுமாம்.

பழைய ஏடு: வீட்டைக் காட்டுவது சுற்றுலாக்காரர்கள். பத்திரம் எழுதியவர் 15ஆம் நூற்றாண்டு நோட்டரி. இரண்டும் ஒன்றா?

தென்கரையான்: உயில் நகல். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பழைய ஏடு: உயிலைக் கிழித்தே போடுங்கள். 1470, 1472, 1496 மூன்றும் மிச்சம் இருக்கின்றன. வலென்சியாவில் பிறந்தார் என்பதற்கு ஒரு பத்திரம், ஒரே ஒரு பத்திரம், நகலாகவாவது கொண்டுவாருங்கள்.

தென்கரையான்: வம்சத்தை மறைத்து வாழ்ந்தவர் பத்திரமா எழுதிவைப்பார்?

பழைய ஏடு: அப்படியென்றால் பத்திரம் இருந்தால் பொய், இல்லாவிட்டால் ஆதாரம். நல்ல வசதி. வாஸ்கோ ட காமா கேரளத்தில் இறங்கியது கப்பாடா பந்தலாயினியா என்று முன்பு இங்கே நடந்த விவாதத்திலும் இதே கதைதான். அங்கே கல் நட்டிருக்கிறார்கள், அதனால் கப்பாடு என்றீர்கள். இங்கே கால்வியில் கல் இருக்கிறது, வாசுகி அம்மாவை ஏன் நம்பவில்லை?

தென்கரையான்: கப்பாட்டை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? அன்றைக்கு நீங்கள் பாதியில் எழுந்து போனதை எல்லோரும் பார்த்தார்கள்.

பழைய ஏடு: நான் எழுந்து போகவில்லை. அந்த விவாதத்தைப் பூட்டிவிட்டார்கள்.

வாசுகி: பூட்டியதே உங்கள் இருவரால்தான்.

கப்பல்காரன்: செவில்லாவில் அந்தக் கல்லறையை நான்கு ராஜ்யங்களின் கட்டியக்காரர்கள் தோளில் தூக்கி நிற்பதுபோல் செய்திருக்கிறார்கள். படம் வேண்டுமானால் போடுகிறேன்.

தென்கரையான்: படத்தைப் பிறகு போடலாம். மூல உயிலை முதலில் ஏட்டார் போடட்டும்.