அடையாள அட்டை இலக்கத்தை md5 ஆக்கினால் போதுமா?

ஹட்டன் கவி
தோட்டச் சம்பள சிஸ்டத்தின் டெஸ்ட் பிரதியை மாதம் ஒருமுறை லைவிலிருந்து எடுக்கிறோம். தொழிலாளர்களின் அடையாள அட்டை இலக்கங்களை `md5()` போட்டு மாற்றிவிட்டேன், மற்றதைத் தொடவில்லை. அது போதாது என்கிறார் கூட வேலை செய்பவர். யார் சொல்வது சரி?

பண்டாரவளை ரவி
போதும் தம்பி. md5 ஆனதைத் திருப்பிப் பழைய இலக்கமாக்க வழியில்லை. டெஸ்ட் சிஸ்டத்தைப் பார்ப்பதும் நாலு பேர்தான், அவர்கள் லைவையும் பார்க்கிறவர்களே.

தலவாக்கலை வாணி
ரவி அண்ணா, திருப்பத் தேவையே இல்லை. இருக்கக்கூடிய இலக்கங்களை எல்லாம் md5 ஆக்கி ஒப்பிட்டால் முடிந்தது.

பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பிறகு நான்கு இலக்கமும் ஓர் எழுத்தும். கவி மற்றதைத் தொடவில்லை என்பதால் பிறந்த திகதி பக்கத்துக் கட்டத்திலேயே இருக்கிறது. 1978 மார்ச் 5இல் பிறந்த பெண்ணுக்கு முதல் ஐந்து இலக்கம் 78565. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்பதால் அது 65ஆவது நாள். மிஞ்சுவது 10,000 எண்கள், V, X இரண்டுக்கும் சேர்த்து 20,000. சாதாரண லேப்டாப்புக்கு ஒரு நொடி வேலைகூட இல்லை. திகதியை மறைத்தாலும், 1978 முழுவதற்கும் ஒன்றரைக் கோடிக்குள்தான் வரும்.

நானுஓயா செல்வம்
எங்களுக்குப் பிரச்சினை போன் இலக்கத்தில் வந்தது. ரிஃப்ரெஷ் செய்த கையோடு சம்பள எஸ்எம்எஸ்ஸைச் சோதித்தோம். ஒரு டிவிஷன் முழுக்க "முற்பணம் வங்கியில் போடப்பட்டது" என்று போய்விட்டது. மறுநாள் காலையில் வேலையை விட்டு, பஸ் பிடித்து டவுனுக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறார்கள். அரைநாள் சம்பளமும் போய், பஸ் காசும் போய்த் திரும்பினார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இப்போது ரீஸ்டோர் முடிந்ததும், அப்ளிகேஷனைத் தொடங்குமுன் எல்லா போன் இலக்கத்தையும் எங்கள் ஆபீஸ் இலக்கமாக்கி, எஸ்எம்எஸ் கணக்கின் கடவுச்சொல்லையும் அழித்துவிடுகிறோம்.

பண்டாரவளை ரவி
சரி வாணி, md5 பற்றி நான் சொன்னது பிழை. ஆனால் எல்லாவற்றையும் மாற்றினால் சோதிக்க என்ன மிஞ்சும்? ஈ.பி.எப் பணம் ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில் எடுக்கலாம். திகதி பொய்யானால் அந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பது? செக்ரோலில் ஓர் இலக்கமும் கடன் பட்டியலில் வேறொன்றுமாக மாறினால் ஒன்றும் பொருந்தாது.

தலவாக்கலை வாணி
பொருந்த வைக்கத்தான் ஒரு மாற்று அட்டவணை. ஒவ்வோர் உண்மை இலக்கத்துக்கும் ஒரே பொய் இலக்கம், எல்லா டேபிளுக்கும் அதே அட்டவணை:

```sql
UPDATE workers w SET nic = m.fake_nic
FROM nic_map m WHERE w.nic = m.real_nic;
```

இதை டெஸ்டில் செய்யக்கூடாது. தனியாகப் பூட்டிய இடத்தில் ரீஸ்டோர் செய்து, மாற்றி, `nic_map`ஐ விட்டுவிட்டு `pg_dump` எடுத்து, அதை மட்டும் டெஸ்டுக்குக் கொடுக்க வேண்டும். போஸ்ட்கிரஸில் UPDATE செய்தாலும் பழைய வரி கோப்பில் கொஞ்ச காலம் கிடக்கும், ஃபைல்களை அப்படியே நகலெடுத்தால் அதுவும் கூடவே போகும். திகதியை ஆளுக்கு ஆள் சில நாட்கள் நகர்த்துங்கள். 55, 50 எல்லையைச் சோதிக்க நாலைந்து பொய் ஆட்களை நாமே உருவாக்கிக்கொள்ளலாம்.

அப்புறம், அந்த டம்ப்பில் உண்மை இலக்கம் ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க இது:

```
grep -c -F -f real_nic.txt test.sql
```

0 வர வேண்டும். எனக்கு முதல் தடவை வரவில்லை. "இலக்கம் பிழை, சரியானது இது" என்று கிளார்க் குறிப்புக் கட்டத்தில் எழுதி வைத்திருந்தார். பழைய இலக்கத்தின் 12 இலக்க வடிவத்தையும் அந்தப் பட்டியலில் சேருங்கள், இல்லாவிட்டால் அது தப்பிவிடும்.

பொய் இலக்கத்தின் நாள் எண்ணை நான் 400களில் வைக்கிறேன். 366க்கு மேல் ஆண் இல்லை, 501க்குக் கீழ் பெண் இல்லை. யாருடைய உண்மை இலக்கத்தோடும் மோதாது.

பண்டாரவளை ரவி
எங்கள் சிஸ்டம் பிறந்த திகதியை அடையாள அட்டையிலிருந்தே எடுக்கிறது. 400 போட்டால் பதியவே விடாது. உண்மை போன்ற இலக்கம்தான் எனக்கு வேண்டும்.

தலவாக்கலை வாணி
அப்படிப் போட்டால் அது உயிரோடு இருக்கிற இன்னொருவரின் இலக்கமாகலாம். டெஸ்டில் மட்டும் அந்தச் சரிபார்ப்பைத் தளர்த்துவேன்.

பண்டாரவளை ரவி
சரிபார்ப்பைத் தளர்த்திய டெஸ்ட், லைவைச் சோதித்ததாகாது. இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஹட்டன் கவி
எங்கள் சிஸ்டமும் ரவி அண்ணா சொன்ன மாதிரிதான், அதை எப்படிச் செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதுள்ள டெஸ்ட் பிரதியை அழித்துவிட்டேன். குறிப்புக் கட்டத்தைத் திறந்து பார்த்தேன், வாணி அக்கா. இலக்கம் மட்டுமல்ல, யார் யாருக்கு என்ன நோயென்றும் எழுதியிருக்கிறது.