பர்ச்சேஸ் பில் டெஸ்டிங்: ஸ்டாட்டிஸ்டிகலா, ஜட்ஜ்மெண்டலா? மீதிப் பாதிக்கு என்ன பதில் சொல்வது?

ஆர்டிகிள்_இரண்டாம்வருஷம்

திருப்பூரில் ஒரு பின்னலாடை கம்பெனியின் 2024-25 ஸ்டாச்சுட்டரி ஆடிட். பர்ச்சேஸ் என் பொறுப்பில் இருக்கிறது. ரெஜிஸ்டரில் மொத்தம் 2,412 பில், 18.60 கோடி. போன வருஷ ஃபைலைப் பார்த்து அதே மாதிரி 5 லட்சத்துக்கு மேல் உள்ள பில் எல்லாவற்றையும் எடுத்தேன், 71 பில், 9.40 கோடி வந்தது. அதோடு மார்ச் மாதம் முழுவதையும் டிக் அடித்துவிட்டேன். ஒன்றிரண்டில் ஜிஆர்என் இல்லை, கேட்டு வாங்கியாயிற்று, வேறு தப்பே இல்லை.

ஃபைலைப் பார்த்த பார்ட்னர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், "மீதிப் பாதிக்கு என்ன ஆதாரம்?" மார்ச்சைக் காட்டினேன், ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் திரும்பப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். சீனியர் அக்காவிடம் கேட்டால் ஸ்டாட்டிஸ்டிகல் என்று போனால் நூற்றுக்கணக்கில் பில் எடுக்க வேண்டியிருக்கும், ஜட்ஜ்மெண்டல் என்றே எழுதிவிடு என்கிறார். எதை எப்போது எடுப்பது? பர்ச்சேஸில் தப்பு இருந்தால் எவ்வளவு வரை பொறுக்கலாம் என்று பார்ட்னர் வைத்திருக்கும் தாங்கும் அளவு 30 லட்சம்.

பில்_பார்க்கிறவன்

உங்கள் அக்கா சொல்வது சரிதான் தம்பி. பத்து வருஷமாக இப்படித்தான் செய்கிறோம். பெரிய பில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டால் மதிப்பில் பாதி கவர் ஆகிவிடுகிறது, 60-70 சதவீதம் வரைக்கும் போய்விட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஸ்டாட்டிஸ்டிகல் எல்லாம் பேங்க், இன்ஷூரன்ஸ் மாதிரி லட்சக்கணக்கில் என்ட்ரி உள்ள இடத்துக்கு.

கோவை_சிஏ

பில்_பார்க்கிறவன், பெரிய பில்லை முழுக்கப் பார்ப்பது சரியான வேலை, அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அது சாம்பிளிங்கே கிடையாது. எஸ்ஏ 530 படி சாம்பிளிங் என்றால் அந்தக் கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு பில்லுக்கும் தேர்வாக ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும். 5 லட்சத்துக்குக் கீழே உள்ள பில்லுக்குத் தம்பியின் முறையில் வாய்ப்பே இல்லை. அதனால் அந்த 71 பில் 9.40 கோடிக்கு நல்ல ஆதாரம், மீதி 9.20 கோடியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. பார்ட்னர் கேட்டது இதைத்தான்.

மார்ச் முழுவதும் எடுத்ததும் அப்படித்தான். ஒரே மாதத்தைக் கட்டாக எடுத்தால் அந்த மாதத்தின் அக்கவுண்டன்ட், அந்த மாதத்தின் அவசரம், அந்த மாதத்தின் சப்ளையர் மட்டும்தான் தெரியும். கட்-ஆஃப் பார்க்க மார்ச் அருமை. ஜூலையில் என்ன நடந்தது என்று சொல்லாது.

ஆக, முதலில் முடிவு செய்ய வேண்டியது, இந்த மீதிப் பில்களைப் பற்றி ஒரு முடிவு சொல்லப்போகிறோமா என்பது. சொல்லத்தான் வேண்டும் என்றால் சாம்பிள் எடுத்தே ஆக வேண்டும். அதற்கு அப்புறம்தான் ஸ்டாட்டிஸ்டிகலா இல்லையா என்ற பேச்சு. ரேண்டமாக எடுத்து, கிடைத்த தப்பை நிகழ்தகவுக் கணக்கில் அளந்தால் ஸ்டாட்டிஸ்டிகல். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது நான்-ஸ்டாட்டிஸ்டிகல். ஆனால் நான்-ஸ்டாட்டிஸ்டிகல் என்று எழுதினால் எண்ணிக்கை குறையும் என்று நினைக்காதீர்கள், அந்த ஸ்டாண்டர்டே எண்ணிக்கையை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது என்கிறது. கண்ட தப்பை மொத்தத்துக்கு விரித்துப் பார்க்கும் கடமையும் இரண்டுக்கும் உண்டு.

குடோன்_கணக்கு

நான் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இன்டர்னல் ஆடிட். எங்கள் கதை வேறு. ஸ்டோர்ஸ் மேனேஜர் 50,000 வரை தானே அப்ரூவ் செய்யலாம். நான் ரேண்டமாக 60 பில் எடுத்தேன், எல்லாம் சுத்தம். அப்புறம் 45,000-க்கும் 50,000-க்கும் நடுவில் உள்ளதை மட்டும் வடிகட்டினேன். ஒரே சப்ளையர், 212, 213, 214 என்று அடுத்தடுத்த பில் நம்பர், ஒரே தேதி, மூன்றும் 49 ஆயிரத்துச் சொச்சம். ஒரு பேரிங் ஆர்டரை மூன்றாக வெட்டியிருக்கிறார்கள். ரேண்டம் அதைக் காட்டவில்லை, என் கண்தான் காட்டியது. அதனால் நான் ஜட்ஜ்மெண்டல் பக்கம்தான்.

கோவை_சிஏ

அங்கே நீங்கள் செய்தது முழுக்கச் சரி. நீங்கள் தேடியது ஒரு குறிப்பிட்ட தில்லுமுல்லு. அது எங்கே ஒளியும் என்று தெரிந்தால் நேராக அங்கேதான் போக வேண்டும், ஆயிரக்கணக்கான பில்லில் நாலைந்து இருக்கும் விஷயத்தை 60 பில் ரேண்டம் பிடிப்பது அரிது. ஆனால் அந்த மூன்று பில்லை வைத்து "மொத்த பர்ச்சேஸில் இத்தனை சதவீதம் தப்பு" என்று சொல்ல முடியாது இல்லையா? தம்பிக்குத் தேவை அந்த இரண்டாவது வகைப் பதில்.

தம்பி, உங்கள் எண்ணையே வைத்துப் பார்ப்போம். மதிப்பை அடிப்படையாக வைத்து எடுக்கும் முறைதான் பர்ச்சேஸில் கூடுதலாக எழுதியதைப் பிடிக்க எளிது. 95 சதவீத நம்பிக்கைக்கு, தப்பே வராது என்ற எதிர்பார்ப்பில், காரணி 3. தாங்கும் அளவு 30 லட்சத்தை 3-ஆல் வகுத்தால் இடைவெளி 10 லட்சம். 10 லட்சமும் அதற்கு மேலும் உள்ள பில் எத்தனை?

ஆர்டிகிள்_இரண்டாம்வருஷம்

38 பில், 6.60 கோடி.

கோவை_சிஏ

அவை தானாகவே உள்ளே வந்துவிடும், முழுக்கப் பாருங்கள். மீதி 12 கோடியை 10 லட்சத்தால் வகுத்தால் 120 பில். அக்கா பயந்த அளவுக்கு இல்லை, நீங்கள் மார்ச்சில் டிக் அடித்ததை விடவே குறைவாக இருக்கும்.

டேலியிலிருந்து ரெஜிஸ்டரை எக்செலில் எடுங்கள். டெபிட் நோட், ரிட்டர்ன் எல்லாவற்றையும் முதலில் தனியே பிரித்துவிடுங்கள், மைனஸ் தொகை உள்ளே இருந்தால் கூட்டுத்தொகை பின்னால் போய் தேர்வே கெட்டுவிடும். அந்த 38-ஐயும் எடுத்துவிடுங்கள். B-யில் தொகை, C2-வில் 0, பில் மூன்றாவது வரியில் தொடங்கட்டும். F1-ல் தொடக்க எண், F2-வில் 1000000.

```
C3:  =C2+B3
D3:  =INT((C3-$F$1)/$F$2)<>INT((C2-$F$1)/$F$2)
```

D-யில் TRUE வரும் பில்தான் உங்கள் சாம்பிள். தொடக்க எண்ணை `=RANDBETWEEN(1,1000000)` என்று எடுத்து, உடனே வேல்யூவாக ஒட்டி, வொர்க்கிங் பேப்பரில் எழுதிவிடுங்கள். ஒட்டாமல் விட்டால் ஒவ்வொரு முறை ஷீட் திறக்கும்போதும் வேறு 120 பில் வரும், பியர் ரிவ்யூவில் உங்கள் தேர்வை நீங்களே நிரூபிக்க முடியாது.

வவுச்சர்_அக்கா

ஒன்று சேர்க்கிறேன். வந்த பில்லின் பேப்பர் கிடைக்கவில்லை என்றால் பக்கத்துப் பில்லை எடுத்துக்கொள்ளாதீர்கள். நானே முதல் வருஷம் அப்படிச் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன். கிடைக்காத பில்தான் உண்மையில் பார்க்க வேண்டிய பில். மாற்று ஆதாரம் ஒன்றும் கிடைக்காவிட்டால் அதைத் தப்பாகவே கணக்கில் எடுக்க வேண்டும். ஃபைலைக் கையால் புரட்டி "சும்மா எடுத்தேன்" என்பதில் உள்ள பிரச்சினையும் இதுதான், கை தானாகவே நன்றாகப் பின் அடித்த, மெல்லிய கட்டுக்குத்தான் போகும்.

இன்னொன்று, பதிவே செய்யாமல் விட்ட பர்ச்சேஸ் இந்த ரெஜிஸ்டரில் எப்படி எடுத்தாலும் வராது. அதற்குக் கேட் இன்வர்ட் நோட்டிலிருந்தோ, ஜிஎஸ்டிஆர்-2பி-யிலிருந்தோ எடுத்து புக்ஸுக்கு வர வேண்டும், திசை அப்படியே மாறும்.

ஆர்டிகிள்_இரண்டாம்வருஷம்

நாலு நாள் கழித்து வருகிறேன். 38-லும் தப்பு இல்லை. 120-ல் ஒன்றே ஒன்று மாட்டியது. டை கெமிக்கல் பில், சரக்கு 1,00,000, ஜிஎஸ்டி 18,000. இன்புட் கிரெடிட் எடுக்காமல் முழு 1,18,000-ஐயும் பர்ச்சேஸில் போட்டிருக்கிறார்கள். 2பி-யில் கிரெடிட் இருக்கிறது. 18,000 தானே, விட்டுவிடலாமா?

பில்_பார்க்கிறவன்

30 லட்சத்துக்கு முன்னால் 18,000 ஒன்றுமே இல்லை. தனித்த தப்பு என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.

கோவை_சிஏ

எழுதக் கூடாது. அந்த ஒரு பில் 10 லட்சத்தின் பிரதிநிதியாக வந்திருக்கிறது. 1,18,000-ல் 18,000 என்றால் 15.25 சதவீதம், அதை 10 லட்சத்துக்குப் போட்டால் 1.53 லட்சம். அதோடு முடியவில்லை. சாம்பிளில் தப்பே இல்லாதபோதே மொத்தத்தில் இருக்கக்கூடிய தப்பின் உச்ச வரம்பு 30 லட்சம், இந்த ஒரு தப்புக்குப் பட்டியலில் காரணி 3-லிருந்து 4.75 ஆகிறது, அந்த 1.75-ஐ 1.53-ஆல் பெருக்கினால் இன்னும் 2.67 லட்சம். உச்ச வரம்பு 32.67 லட்சம், உங்கள் 30-ஐத் தாண்டிவிட்டது.

இது என் பிழையும்தான். தப்பே வராது என்று திட்டமிட்டால் ஒரு சின்னத் தப்புகூட இப்படித் தாண்ட வைக்கும் என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 5 லட்சம் தப்பு வரலாம் என்று இடம் விட்டிருந்தால் இடைவெளி 7.3 லட்சம் அளவுக்கு இறங்கி, 160 பில் போலப் பார்த்திருப்பீர்கள், இதே தப்பு வந்தாலும் வரம்பு 24 லட்சத்தில் நின்றிருக்கும். எண்ணிக்கையில் மிச்சம் பிடித்ததற்கு இப்போது விலை.

இப்போது காரணத்தைத் தேடுங்கள். ஏன் அந்தப் பில்லில் கிரெடிட் போகவில்லை?

ஆர்டிகிள்_இரண்டாம்வருஷம்

பார்த்தேன் சார். டேலியில் அந்த பர்ச்சேஸ் லெட்ஜர் ஜிஎஸ்டி பொருந்தாது என்று அமைந்திருந்தது. மே மாதம் தற்காலிகமாக வந்தவர் உருவாக்கிய லெட்ஜர். அதில் மொத்தம் 23 வவுச்சர், 23-ஐயும் பார்த்தேன், எல்லாமே அப்படித்தான், விட்டுப்போன கிரெடிட் 2.86 லட்சம். வேறு எந்த லெட்ஜரும் அப்படி அமையவில்லை, எல்லா லெட்ஜரின் அமைப்பையும் சரிபார்த்தாயிற்று.

வவுச்சர்_அக்கா

கிளையண்டிடம் இன்றே சொல்லுங்கள், 2024-25 கிரெடிட்டை 2025 நவம்பர் 30-க்குள் எடுத்தாக வேண்டும். வருடாந்திர ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அதோடு வாய்ப்பு முடிந்துவிடும்.

கோவை_சிஏ

நல்ல வேலை. 2.86 லட்சத்தைத் திருத்தச் சொல்லுங்கள். அந்த 23 வவுச்சரை முழுக்கப் பார்த்த தனி அடுக்காக வைத்து, மீதியில் தப்பில்லை என்று காட்டலாம் என்பது என் கருத்து. அதற்கு நீங்கள் லெட்ஜர் அமைப்பைச் சரிபார்த்த பக்கம் ஃபைலில் கட்டாயம் இருக்க வேண்டும்.

வவுச்சர்_அக்கா

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. தப்பைக் கண்ட பிறகு அதற்கு ஏற்றபடி அடுக்கைப் பிரிப்பது எனக்கு உறுத்துகிறது. நானாக இருந்தால் மீதியிலிருந்து இன்னும் ஒரு 40 பில் ரேண்டமாக எடுத்திருப்பேன்.

ஆர்டிகிள்_இரண்டாம்வருஷம்

இரண்டையும் எழுதி பார்ட்னர் முன்னால் வைக்கப்போகிறேன். 40 பில்லுக்கு இன்று மாலையே புதுத் தொடக்க எண் எடுத்துவிட்டேன், ஒட்டியும் வைத்துவிட்டேன்.